நான்காம் விளக்கு

நமது ஊர்ப்புறப் போட்டிகளில் கோப்பைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. பணம் கொடுப்பவர் தம் தந்தையார் பெயரைச் சொல்கிறார்; 'அமரர் இன்னார் நினைவுச் சுழற்கோப்பை' என்று துண்டறிக்கை அச்சாகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் கொடையாளர் கையை விரித்துவிடுவார், அல்லது ஊரைவிட்டுப் பெயர்ந்துவிடுவார். புதியவர் தம் தந்தையார் பெயரோடு புதிய கோப்பையைக் கொண்டுவருவார். பழையது கடைசியாக வென்றவர் வீட்டுப் பரணில் கிடக்கும். சுழல்வதற்கென்று பிறந்த கோப்பை சுழலாமல் நின்றுபோவது இப்படித்தான்.

எங்கள் ஊர் இளைஞர்கள் பொங்கல் கைப்பந்துப் போட்டிக்குப் புதிதாக ஒரு சுழற்கோப்பை செய்ய முடிவெடுத்தபோது, வாசகர் வட்டம் நடத்தும் எங்களிடம் பெயர் கேட்டு வந்தார்கள். வட்டத்தில் நாங்கள் ஆறு பேர். முதல் மாலையிலேயே இருபது பெயர்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் சங்க நூல்களிலிருந்து எடுத்த சொற்கள். போட்டியில் ஒலிபெருக்கி பிடிக்கும் தம்பியை அழைத்து அவற்றை உரக்கப் படிக்கச் சொன்னோம். மூச்சு முட்டாமல் அவரால் சொல்ல முடிந்தவை ஐந்து. அந்த ஐந்தையும் கேட்ட ஆட்டக்காரர்கள், "எதுவானாலும் நாங்கள் ரோலிங் கப்பு என்றுதான் சொல்லுவோம்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆட்டக்காரன் வாயில் நிற்காத பெயர் துண்டறிக்கையோடு கிழிந்துபோகும். பெயர் இரண்டு சொற்களுக்கு மேல் போகக்கூடாது, கேட்டவுடன் "ஏன் அப்படி?" என்று ஒருவர் கேட்க வேண்டும்; அந்தக் கேள்விக்கு, அணிகள் களமிறங்கும் இடைவெளிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை இருக்க வேண்டும். இவ்வளவுதான் அன்று நாங்கள் வகுத்துக்கொண்ட இலக்கணம்.

இதற்கு நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது கல்கத்தா கோப்பையை. ரக்பி ஆட்டத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதுவது அதற்காகத்தான். இரு நாடுகளும் ஐரோப்பாவில் இருக்க, கோப்பைக்கு மட்டும் ஏன் வங்கத்து நகரின் பெயர்? 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பிக் கழகம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஆள் குறைந்தது. கழகத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. வங்கியில் மிஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து, உருக்கிக் கோப்பையாக வார்த்து, 1878இல் இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உருகியவை 270 ரூபாய்கள் என்பார்கள். கைப்பிடிகள் மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் மேல் ஒரு யானை. 1879இல் நடந்த முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இக்கதையில் வெற்றி வீரர் எவரும் இல்லை. இருப்பது ஒரு கழகத்தின் முடிவும், அதன் கடைசிக் காசும். கழகம் போய்விட்டது, கதை கோப்பையின் உடம்பிலேயே தங்கிவிட்டது. நாகத்தைத் தொட்டுப் பார்க்கும் சிறுவன் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டான். ஆகவே கதையைப் புனைய வேண்டாம், எங்கள் மைதானத்திலேயே தேடுவோம் என்று முடிவு செய்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கலன்று நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்நாளில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி உண்டு. சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருந்தால் பதினைந்து புள்ளிகளை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ஐந்தாம் ஆட்டம் இருட்டிய பிறகும் நீண்டது. நடுவில் மின்சாரமும் போயிற்று. பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் கொண்டுவந்து ஆட்டத்தை முடித்தார்கள். எங்கள் ஊர் தோற்றது.

பெரியவர்களிடம் விவரம் கேட்டோம். விளக்குகள் எத்தனை? மூன்று என்றார்கள், கோயிலிலிருந்து இரண்டு, தேநீர்க் கடையிலிருந்து ஒன்று. எங்கே நிறுத்தினீர்கள்? நான்கு மூலையிலும் என்றார்கள். கேட்டவரும் சொன்னவரும் சற்று நேரம் பேசவில்லை. பெட்ரோமாக்ஸ் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகக்கூடிய விளக்கும் அன்று. காற்று இறங்க இறங்க வெளிச்சம் மங்கும். அருகில் ஒருவர் நின்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு மூலை வெளிச்சமென்றால் நான்கு விளக்கு, நான்கு ஆள். நான்காவது யார்?

விடை காலனியில் கிடைத்தது. அங்கே இதே கதையை நான்கு விளக்கு என்றுதான் சொல்லி வருகிறார்கள். திருமண வீடுகளுக்கு விளக்கு வாடகைக்கு விடும் ஒருவரின் மகன் நான்காவதைத் தூக்கி வந்து, ஆட்டம் முடியும்வரை காற்றடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரும் நல்ல ஆட்டக்காரர். காலனிப் பையன்களை அன்று ஊர் அணியில் சேர்ப்பதில்லை. பின்னர் ஊர்ப் பெரியவர்களில் ஒருவரே, "ஆமாம், வடக்கு மூலையில் அவன்தான் நின்றான்" என்று நினைவுகூர்ந்தார்.

'பெட்ரோமாக்ஸ் கோப்பை' என்ற பெயரைச் சிலர் விரும்பினார்கள். ஆனால் 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்குப் பின், அந்தச் சொல்லைக் கேட்ட தமிழன் முதலில் கவுண்டமணியையும் செந்திலையும் நினைத்துச் சிரிப்பான். கதை அப்புறம்தான் வரும். 'நான்காம் விளக்கு' என்று வைத்தோம். கேட்பவர் மற்ற மூன்றைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும்.

கதையை மூன்று வாக்கியங்களில் எழுதினோம். "இறுதி ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனபோது கோயிலிலிருந்து இரண்டு விளக்கும் தேநீர்க் கடையிலிருந்து ஒன்றும் வந்தன. நான்காவதைக் காலனியிலிருந்து ஓர் இளைஞர் கொண்டுவந்து, கடைசிப் புள்ளிவரை ஏந்தி நின்றார். அன்று அவருக்கு நம் அணியில் இடம் இல்லை."

மூன்றாவது வாக்கியத்தின் மீதுதான் சண்டை. பொங்கலும் அதுவுமாக இது எதற்கு என்றார்கள் சிலர். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது விளக்கு கொடுத்து உதவிய ஒருவரின் நற்செயல் மட்டுமே. நான்காவது ஏன் கணக்கில் விடுபட்டது என்பதற்கு விடை இராது என்று நாங்கள் சொன்னோம். இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. முடிவில், இப்போதைய அணியின் பையன்கள், ஊரும் காலனியும் கலந்தவர்கள், வாக்கியம் இருக்கட்டும் என்றார்கள். கோப்பைக்குப் பணம் தர முன்வந்தவருக்கும் ஒரு வழி கண்டோம்: முதற்பரிசுத் தொகைக்கு அவர் தந்தையார் பெயர், கோப்பைக்கு அதன் பெயர். தொகை தருபவர் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். கோப்பை மாற வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்றுமுறை வென்றவருக்கே கோப்பை சொந்தம் என்ற வழக்கமான விதியையும் நீக்கினோம். கதை ஒரு வீட்டுப் பரணுக்குப் போய்விடக்கூடாது.

விளக்கேந்தியவர் இன்று இல்லை. பித்தளைத் தகட்டில் அவர் பெயரைப் பொறிக்கலாமா என்று குடும்பத்தாரைக் கேட்டோம். அவர் மகள் சற்று யோசித்து, "பெயர் வேண்டாம். நாலு என்று சரியாக எண்ணினால் போதும்" என்றார். கோப்பையின் மரப்பீடத்தில் வடக்கு நோக்கி வைக்கப்படும் பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது.