“நம்ம” என்று சொன்னால் இரண்டு பக்கமும் நிமிரும்

என் தம்பி மகனுக்குப் பெண் எடுத்தது புனலூரில். முகூர்த்தம் அங்கே, வரவேற்பு இங்கே குற்றாலத்தில் என்று முடிவானது. “அத்தை, ரிசப்ஷன்ல மாப்பிள்ளை வீட்டுச் சார்பா நீங்கதான் வாழ்த்திப் பேசணும். ரெண்டு பாஷையிலயும் பேசணும்” என்றான் பையன். தென்காசிக்காரியான எனக்குக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு மலையாளம் வரும். மேடையில் பேசுவது வேறு சங்கதி.

எங்கள் பக்கத்தில் இப்படிச் சம்பந்தம் செய்வது புதிதல்ல. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலை தாண்டி ரயில் ஓடத் தொடங்கியது 1904-ல். ஆரியங்காவு ஐயப்பனுக்கே மதுரை சௌராஷ்டிர மக்கள்தான் பெண் வீட்டார். ஆண்டுதோறும் மார்கழியில் சீரோடு வந்து, தேவஸ்வத்தாருக்குச் சம்பந்தி முறையில் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். வீட்டில் பேசும் மொழி வேறு வேறாக இருந்தும் அந்த உறவு குறையவில்லை.

ஆனாலும் இரு மொழி வரவேற்புகளில் பேச்சு பெரும்பாலும் எடுபடுவதில்லை. காரணம் எளியது. ஒரு பத்தி தமிழில் பேசுகிறார்கள். பிறகு அதையே மலையாளத்தில் சொல்கிறார்கள். முதல் பத்தியின்போது ஒரு பக்கம் செல்போனைப் பார்க்கிறது. அடுத்த பத்தியின்போது விஷயம் தெரிந்துவிட்ட மறுபக்கம் ஐஸ்கிரீம் எங்கே என்று எழுந்துவிடுகிறது. மூன்று நிமிடப் பேச்சு ஆறு நிமிடமாகிறது. அந்த ஆறு நிமிடத்திலும் மண்டபத்தில் பாதிப் பேர் வெளியாட்கள்தான்.

அதனால் மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விஷயமும் ஒரே ஒரு முறை, ஏதாவது ஒரு மொழியில். எந்த மொழியில் சொன்னாலும் மற்றவருக்குப் பாதியாவது புரிகிற சொற்களாகப் பொறுக்க வேண்டும். மீதியைக் கையும் முகமும் சொல்லிவிடும்.

பொறுக்குவதற்கு எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்த ஆரியங்காவு சேச்சி உதவினார். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். ஆனால் ஒன்றுபோல ஒலித்து வேறு பொருள் தருபவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. மலையாள மேடைப் பேச்சில் வழக்கமாக வரும் முதல் வரி, “சம்சாரிக்கான் அவசரம் கிட்டியதில் சந்தோஷம்”. பேச வாய்ப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சி என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கோ சம்சாரம் என்றால் மனைவி, அவசரம் என்றால் அவசரம். கல்யாண வீட்டில் இது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நம் பக்கத்துச் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. சம்பந்தி வீட்டுப் பூர்வீகம் ஏதோ ஒரு “பட்டி” என்று நாம் பெருமையாகச் சொல்வோம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஊர்ப் பெயராக வந்தால் பரவாயில்லை. “எங்க பட்டிக்காரங்க எல்லாரும் வந்திருக்காங்க” என்று மேடையில் சொன்னால் எதிர்ப்பக்கம் சிரிப்பை அடக்கப் பாடுபடும்.

இதைவிட நுட்பமானது “பாவம்”. பெண்ணின் பாட்டி பேத்தியைப் பற்றி, “அவள் பாவமாணு” என்றார். சூதுவாது தெரியாத சாது என்பது அதன் பொருள். அது அங்கே பாராட்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் சிலர், “ஏன் பாவம்ங்காக, என்ன குறை?” என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள். பேச்சில் பெண்ணைப் புகழும்போது அந்தச் சொல்லை நான் தொடவில்லை.

மரியாதை விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நமக்கு “நீங்க” என்றாலே மரியாதைதான். அதே பழக்கத்தில் மலையாளத்தில் ஒரு பெரியவரை நேருக்கு நேர் “நிங்ஙள்” என்றால் மரியாதைக் குறைவாகப் படும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லலாம். ஒரு பெரியவரை அழைக்க உறவுமுறைதான் சரி. அவர்கள் வீட்டில் பாட்டியை அம்மூம்ம என்றும், தாத்தாவை அப்பூப்பன் என்றும் கூப்பிடுகிறார்கள். எனவே பேச்சில் “நிங்ஙள்” வரவேண்டிய இடத்திலெல்லாம் உறவுப் பெயரை வைத்தோம். யாரை என்ன முறை சொல்லி அழைப்பது என்பதைப் பெண்ணிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

இத்தனையும் சொல் விஷயம். உண்மையான சிக்கல் அம்மூம்மதான். புனலூரைத் தாண்டிப் பேத்தியைக் கொடுப்பதில் அவருக்கு மனமில்லை என்று எங்களுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று யாரோடும் அதிகம் பேசவில்லை. எனக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில் அவருக்கு ஒரு வரியாவது நேராகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வரியை எழுதும்போதுதான் ஒரு சின்னச் சொல் பெரிதாகி நின்றது. தமிழில் “நாங்கள்” வேறு, “நாம்” வேறு. கேட்கிறவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். அவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். மலையாளத்திலும் அப்படியே: “ஞங்ஙள்” என்றால் எதிரில் இருப்பவர் அதில் இல்லை, “நம்மள்” என்றால் அவரும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பேச்சை ஆங்கிலத்தில் யோசித்து எழுதினால் இந்த வித்தியாசம் வழியிலேயே தொலைந்துவிடும்.

“உங்கள் பெண் இன்று முதல் எங்கள் பெண்” என்பது எல்லோரும் சொல்கிற வாக்கியம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் “ஞங்ஙளுடே மோள்” என்று சொன்னால் அம்மூம்மவின் காதில் “இனி உங்களுடையவள் இல்லை” என்றுதான் விழும். “நம்முடே மோள்” என்றால் பெண் இரண்டு வீட்டுக்கும் உரியவள். சேச்சி இதைக் கேட்டுவிட்டு, “இந்த ஒரு வார்த்தை போதும் அக்கா, மத்ததெல்லாம் சும்மா” என்றார்.

எந்த மொழியில் தொடங்குவது என்பதற்கு ஒரு கணக்கு வைத்தேன். விருந்தாளிகளாக வந்தவர்களின் மொழி முதலில். வரவேற்பு நம் ஊரில் என்பதால் மலையாளம் முதலில் வந்தது. உச்சரிப்புக்கு, சேச்சி ஒவ்வொரு வரியையும் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார். அதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். கடைசியில் தாள் இப்படி இருந்தது:

“எல்லாவர்க்கும் நமஸ்காரம். எல்லாருக்கும் வணக்கம்.

அம்மூம்மயுடே கொச்சுமோள் இன்னு முதல் நம்முடே வீட்டிலே மோளாணு.

நம்ம மாப்பிள்ளைக்குச் சாரல் விழுந்தா குடை பிடிக்கத் தெரியாது. நனைஞ்சுக்கிட்டே நடப்பான். அந்தச் சாரல் எங்கிருந்து வருது? புனலூர்ல மழையாப் பெய்யுற அதே காத்துதான் ஆரியங்காவுக் கணவாய் வழியா வந்து நமக்குச் சாரலாகுது. நமக்கு முன்னாலயே மழை சம்பந்தம் பேசி முடிச்சிருச்சு.

மல ஒன்னு. மழ ஒன்னு.

ஒண்ணே ஒண்ணுதான் கவனிச்சுக்கணும். குற்றாலத்துல வெள்ளம் வந்தா அருவிப் பக்கம் விடமாட்டாங்க. நம்ம மருமக வெள்ளம் கேட்டா ஓடாதீங்க, ஒரு டம்ளர்ல கொண்டுவந்து கொடுங்க.

எல்லாரும் கையில இருக்கிற சுக்குவெள்ளத்தைத் தூக்குங்க. நம்முடே மக்கள் சுகமாயி இரிக்கட்டே. நம்ம மக்கள் சுகமா இருக்கட்டும்.”

மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அந்த இடத்தில் டம்ளரைத் தூக்கிக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டாம். வாழ்த்துக்குச் சுக்குவெள்ளத்தைத் தேர்ந்ததும் அதற்காகத்தான். கேரளத்தில் சாப்பாட்டோடு வருவது, இங்கேயும் சாரல் காலத்துக்கு இதமானது, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் குடிக்கலாம். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பேச்சுக்கு முன்பே எல்லார் கையிலும் போய்ச் சேரும்படி செய்தோம். வணக்கத்தைத் தவிர, மண்டபத்தில் இருமுறை சொன்னது அந்தக் கடைசி வரி மட்டும்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பதால் அது மொழிபெயர்ப்பு மாதிரிக் கேட்காது, எதிரொலி மாதிரிக் கேட்கும்.

இரண்டு நாள் முன்னால் ஒரு சோதனை செய்தோம். மலையாளம் தெரியாத என் மதினியிடமும், தமிழ் தெரியாத சேச்சியின் அம்மாவிடமும் தனித்தனியே படித்துக் காட்டினேன். பிறகு “என்ன சொன்னேன்?” என்று கேட்டேன். புரியாத இடத்தில் மனிதர்கள் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். சேச்சியின் அம்மா அப்படித் திரும்பிய இடம் ஒன்றுதான்: கணவாய். அதனால் மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மேற்கே மலைப் பக்கம் கையைக் காட்டுவது என்று குறித்துக்கொண்டேன்.

வரவேற்பன்று பேச்சைப் புகைப்பட வரிசை தொடங்குவதற்கு முன்பே வைத்துக்கொண்டோம். வரிசை நின்றுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளம் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்தது. ஒரு பக்கம் சிரித்து, அடுத்த பக்கம் விளக்கம் கேட்டுப் பிறகு சிரிப்பதுதான் வழக்கம். அம்மூம்ம சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்து, ஓணத்துக்கு இரண்டு பேரையும் கண்டிப்பாக அனுப்ப வேண்டும் என்றார். அனுப்புகிறோம் என்றேன். “அல்ல, கூடெ வரணம்” என்றார். நானும் சேர்ந்து வர வேண்டுமாம்.

செங்கோட்டையில் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போனார். அவர்கள் வீட்டில் பெண் தமிழ், மாப்பிள்ளை கொட்டாரக்கரை, வரவேற்பும் அங்கேதான். எனவே தமிழில் தொடங்கச் சொன்னேன். சாரலும் வெள்ளமும் அங்கே எடுபடாது, அவர்கள் வீட்டுக் கதையைப் போட்டுக்கொள்ளட்டும். “நம்ம” வருகிற இரண்டு வரியை மட்டும் மாற்ற வேண்டாம் என்றேன்.