தன்னையே கூட்டிக்கொண்ட கட்டம்

எக்செல்லில் வீட்டுக் கணக்கோ சங்கக் கணக்கோ எழுதுகிறவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு ஃபார்முலாவை அடித்து என்டரைத் தட்டியதும் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். நீளமான ஆங்கில வாக்கியம். அதில் `circular references` என்ற இரண்டு சொற்கள் இருக்கும். நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை. OK என்று இருப்பதை அமுக்கிவிட்டு மேலே போய்விடுவோம். கூட்டுத்தொகை வரவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பெட்டி சொல்வது இவ்வளவுதான்: "நீங்கள் கொடுத்த ஃபார்முலா, தான் எழுதப்பட்டிருக்கும் கட்டத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. விடை தெரிந்தால்தான் விடை கண்டுபிடிக்க முடியும் என்கிற நிலைமை. நான் என்ன செய்ய?"

பேரேட்டில் எழுதிப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. கடைசித் தொகைக்குக் கீழே ஒரு கோடு போடுவோம். கோட்டுக்கு மேலே இருப்பதைக் கூட்டி, கோட்டுக்குக் கீழே எழுதுவோம். கீழே எழுதியதையும் சேர்த்துக் கூட்டவேண்டும் என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தோன்றாது. எக்செல்லுக்கு அந்தக் கோடு தெரியாது. எதுவரை கூட்டு என்று நாம் சொல்கிறோமோ அதுவரை கூட்டும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். இருபத்து நான்கு வீடுகள். பொருளாளர் மூன்றாம் மாடி டீச்சர். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. மாதம் ஒரு ஷீட், வருடக் கடைசியில் எல்லா மாதத்தையும் தொகுத்து ஒரு ஷீட் என்று ஒழுங்காக வைத்திருப்பார். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது செயலாளர் அந்தத் தொகுப்பைக் கேட்டார். டீச்சர் அப்படியே அனுப்பிவிட்டார். மொத்தச் செலவு கோடிக்கணக்கில் இருந்தது. அதைப் படம் பிடித்து யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட, இன்னொருவர் "நம்ம பில்டிங்ல மெட்ரோ ரயில் விடுறாங்களா?" என்று எழுத, டீச்சர் அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"முப்பத்திமூணு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவ சார் நான். கூட்டல் தெரியாதுன்னு பேர் வாங்கிட்டேனே."

கடிதத்தை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, கோப்பை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். என் கணினியில் என் பென்ஷன் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தது. அவருடைய கோப்பைத் திறந்ததும் அந்த எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

"இது என் கம்ப்யூட்டர்ல வரதே இல்லையே சார்!" என்றார் டீச்சர்.

விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருந்தது. கொஞ்சம் கேட்டதும் கதை வந்தது. டிசம்பர் மாதத்தில் மோட்டார் ரிப்பேர் என்று ஒரு புதுச் செலவு. மொத்தம் என்ற வரிசைக்கு நேர் மேலே ஒரு வரிசையைச் செருகி எழுதியிருக்கிறார். அது கூட்டலில் சேரவில்லை. (இப்படிக் கடைசியில் செருகினால் சில சமயம் எக்செல் தானே நீட்டிக்கொள்ளும், சில சமயம் நீட்டாது. இரண்டுங்கெட்டான் என்பதால்தான் ஆபத்து.) டிசம்பரைக் கையால் திருத்திவிட்டார். ஜனவரியிலிருந்து அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, கூட்டலின் எல்லையை மொத்தம் எழுதும் கட்டம் வரைக்கும் இழுத்துவிட்டார். இனிமேல் நடுவில் எதைச் செருகினாலும் விட்டுப்போகாது என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஃபார்முலா இப்படி ஆகிவிட்டது:

```
C12:  =SUM(C4:C12)
```

C4 முதல் C11 வரை எட்டுச் செலவுகள். C12 என்பதே மொத்தம் எழுதும் கட்டம். எச்சரிக்கை வந்தது, பூஜ்யம் வந்தது. பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகனிடம் காட்டியிருக்கிறார். அவன் எங்கேயோ போய் ஒரு டிக் போட்டான், பெட்டி வருவது நின்றது. "சரியாயிடுச்சு சித்தி" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் டிக் போட்ட இடம் File, பிறகு Options, அதில் Formulas. அங்கே `Enable iterative calculation` என்று ஒரு வரி. அதைப் போட்டால், தன்னையே சுற்றும் ஃபார்முலாவைப் பார்த்து எக்செல் முறையிடாது. சரி, சுற்றித்தான் பார்ப்போமே என்று நூறு தடவை திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். நூறு என்பது அதில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவு.

மார்ச் மாதத்தை எடுத்துப் பாருங்கள். காவலாளிகள் சம்பளம் 26,000, துப்புரவு 9,000, பொது மின்சாரம் 11,400, தண்ணீர் லாரி 7,200, லிஃப்ட் 4,500, டீசல் 3,100, மோட்டார் 2,650, சில்லறை 1,150. ஆக 65,000 ரூபாய். முதல் சுற்றில் C12-இல் 65,000 வரும். இரண்டாவது சுற்றில் அந்த 65,000-த்தையும் சேர்த்துக் கூட்டும், 1,30,000. மூன்றாவதில் 1,95,000. நூறு சுற்று முடிந்து நிற்கும்போது 65 லட்சம். அதோடு போகாது. பிறகு ஏதாவது ஒரு செலவைத் திருத்தினால் மறுபடி நூறு சுற்று, இன்னொரு 65 லட்சம் ஏறும். திருத்தக்கூட வேண்டாம், F9 விசையைத் தட்டினாலே போதும். என் கணினியில் அந்த டிக்கைப் போட்டு டீச்சரையே தட்டச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் தொகை எகிறுவதைப் பார்த்து முதலில் பயந்தார், பிறகு சிரித்துவிட்டார்.

மாதா மாதம் இது ஏன் தெரியவில்லை? எண்ணைப் பார்த்து, எங்கோ பூஜ்யம் அதிகமாக அடித்துவிட்டோம் போல என்று நினைத்து, கால்குலேட்டரில் கூட்டிய தொகையையே நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். அது சரியான தொகை. ஆனால் ஆண்டுத் தொகுப்பு, ஷீட்டில் இருந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. டிசம்பர் வரை மாதத்துக்கு அறுபதாயிரத்துச் சொச்சம், ஜனவரியிலிருந்து கோடிகள். நோய் எங்கே தொடங்கியது என்பதைத் தொகுப்பே காட்டிக்கொடுத்தது.

என் கணினியில் மட்டும் எச்சரிக்கை வந்ததற்கும் காரணம் உண்டு. அந்த டிக் கோப்போடு சேர்ந்து சேமிக்கப்படும். ஆனால் எக்செல் அன்றைக்கு முதலில் திறக்கப்படும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும், பின்னால் திறப்பவற்றுக்கும் அதுவே சட்டம். என்னிடம் முதலில் திறந்தது டிக் இல்லாத பென்ஷன் கணக்கு. டீச்சரிடம் முதலில் திறப்பது எப்போதும் சங்கக் கணக்கு. அதனால் ஒரே கோப்பு ஓரிடத்தில் முறையிடுகிறது, ஓரிடத்தில் வாய் மூடிக்கொள்கிறது.

இனி, சரி செய்த விதம். டீச்சரின் கணினியில் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தோம். எச்சரிக்கை திரும்ப வந்தது. வரட்டும், அது வந்தால்தான் திருடனைப் பிடிக்கமுடியும். OK கொடுத்துவிட்டுத் திரையின் அடியில் இடது ஓரத்தைப் பார்க்கவேண்டும். `Circular References: C12` என்று சிறிய எழுத்தில் இருக்கும். தவறு இருக்கும் ஷீட்டில் நாம் நின்றால்தான் கட்டத்தின் பெயரும் வரும். வேறு ஷீட்டில் நின்றால் வெறும் `Circular References` என்று மட்டும் இருக்கும், எங்கே என்று சொல்லாது. அப்போது மேலே Formulas தாவலில் Error Checking என்பதற்குப் பக்கத்தில் உள்ள குட்டி அம்புக்குறியை அழுத்தி, Circular References என்பதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் முகவரி வரும். அதை அழுத்தினால் நேரே அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விடும்.

கட்டத்துக்குப் போய் F2 தட்டினால், ஃபார்முலா எந்த எல்லையைக் கூட்டுகிறதோ அதைச் சுற்றி ஒரு வண்ணக் கோடு தெரியும். கண் கொஞ்சம் மங்கலானவர்களுக்கு இதுதான் நல்ல வழி. அந்தக் கோடு மொத்தம் எழுதும் கட்டத்தையும் வளைத்துக்கொண்டு நின்றது. C12 என்பதை C11 என்று மாற்றி என்டர் தட்டியதும் 65,000 வந்துவிட்டது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அடியில் அந்த எழுத்து இன்னும் போகவில்லை. ஜனவரி ஷீட்டை நகல் எடுத்துத்தான் பிப்ரவரியும் மார்ச்சும் உண்டாக்கியிருக்கிறார், மூன்றிலும் அதே கோளாறு. எக்செல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பெட்டி காட்டிக்கொண்டிருக்காது. முதலில் ஒரு தடவை சொல்லும், பிறகு பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். அடியில் அந்த எழுத்து முழுவதுமாக மறையும் வரை தேடவேண்டும். அதே கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்தான் நிற்கும் என்றும் நம்பக்கூடாது. சில சமயம் கடைசியாகக் கணக்கிட்ட பழைய தொகையே நிற்கும். பார்க்க நியாயமான எண்ணாக இருக்கும், ஆனால் புதுச் செலவு எதுவும் அதில் ஏறியிருக்காது. பூஜ்யத்தைவிட இதுதான் மோசம் என்பேன்.

அந்த டிக் எதற்குமே உதவாது என்று சொல்லவில்லை. வட்டி சராசரி நிலுவையைப் பொறுத்தது, நிலுவை வட்டியைப் பொறுத்தது என்பது போன்ற கணக்குகளில், தெரிந்தே சுற்றவிடுகிறவர்கள் அதைப் போடுவார்கள். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் விடை நெருங்கி வந்து ஓரிடத்தில் நிற்கும். வெறும் கூட்டலில் நிற்க இடம் ஏது?

ஆனால் டீச்சரின் பழைய கவலை அப்படியேதான் இருந்தது. கடைசியில் புதுச் செலவைச் செருகினால் விட்டுப்போகுமே? அதற்கும் ஒரு வழி செய்தோம். மொத்தத்துக்கு மேலே ஒரு வெற்று வரிசையைச் செருகி, அதை ஒல்லியாக்கி, சாம்பல் நிறம் அடித்தோம். மொத்தம் C13-க்கு இறங்கியது. கூட்டலின் எல்லையை அந்த வெற்று வரிசை வரை கொடுத்தோம்:

```
C13:  =SUM(C4:C12)
```

புதுச் செலவு வந்தால் சாம்பல் வரிசையைத் தேர்ந்தெடுத்து அதற்கு மேலே செருகவேண்டும். அது எல்லைக்கு உள்ளே விழுவதால் ஃபார்முலா தானே நீண்டுகொள்ளும். மொத்தமும் எல்லைக்குள் மாட்டாது.

"நாம பேரேட்ல போடுற கோடு மாதிரிதானே சார்" என்றார் டீச்சர். அதேதான்.

பொதுக்குழுவில் அவரே எழுந்து கணக்கைப் படித்தார். மெட்ரோ ரயில்காரர் முதல் வரிசையில்தான் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஏப்ரல் ஷீட்டில் சாம்பல் கோட்டுக்கு மேலே இரண்டு புதுச் செலவுகள் ஏறியிருக்கின்றன. கால்குலேட்டரிலும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாராம்.