பூக்காரம்மாவின் மீசை

பழைய ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த நகைச்சுவைப் படம் ஏதாவது கையில் கிடைத்தால், அதில் இருப்பவர்களின் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். மூக்குக்கு ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். நிழல் அநேகமாக இருக்காது. ஆனால் ஏப்ரல் மாத மத்தியானம் மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படியில் நிற்கும் எந்த மனிதரின் முகமும் அப்படி இருப்பதில்லை. சூரியன் நேர் உச்சியில். கண்குழி கறுத்திருக்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், தாடைக்குக் கீழே கழுத்தே காணாமல் போயிருக்கும். வரைகிறவர் இதையெல்லாம் பார்க்காதவர் இல்லை. பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்.

கம்ப்யூட்டருக்கு இந்த 'வேண்டாம்' தெரியாது. முப்பரிமாண உருவத்தைக் கையால் வரைந்த கார்ட்டூன் மாதிரி காட்டும் 'செல் ஷேடிங்' வேலையில் பாதி நேரம் அதற்கு வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பதிலேயே போகிறது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தி.நகரில் ஒரு மாடியறையில் செய்த குறும்படத்தில் ஆறு விநாடி ஷாட் ஒன்று. வடக்கு மாடவீதியில் ஒரு பூக்காரம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டே தலையைத் திருப்பி யாரையோ பார்க்கிறார். பின்னணி முழுக்கக் கையால் வரைந்த ஓவியம். அந்த அம்மா மட்டும் பிளெண்டரில் செய்த உருவம். அவருக்கு மாதிரியாக இருந்தவர் நாங்கள் தினமும் பார்க்கும் ஒரு நிஜமான பூக்காரம்மாதான், கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். முதல் சோதனைப் படத்தைப் போனில் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கு எதுக்கு மீசை வெச்சிருக்கே?"

மீசைதான். மேலுதட்டில் பட்டையாக ஒரு கறுப்பு. யாரும் வரையவில்லை. கணக்கு போட்டு வந்தது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். உருவத்தின் மேற்பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நார்மல் என்று பெயர். ஊசி விளக்கை நேராகப் பார்த்தால் வெளிச்சம் 1, குறுக்கே பார்த்தால் 0. சாதாரண முப்பரிமாணப் படத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே சாம்பல் படிப்படியாக இறங்கும். செல் ஷேடிங்கில் அந்தப் படிகளை வெட்டிவிடுகிறோம். பிளெண்டரின் Eevee-யில் `Shader to RGB` வழியாக வெளிச்சத்தை எடுத்து, `Color Ramp`-ஐ `Constant` என்று வைத்தால் போதும். 0.3-க்கு மேல் வெயில் நிறம், கீழே நிழல் நிறம்.

சிக்கல் இந்த வெட்டிலேயே இருக்கிறது. கன்னம் 0.33, மேலுதடு 0.28 என்றால் சாம்பல் படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்டிய படத்தில் ஒன்று பகல், இன்னொன்று இரவு. மூக்குக்குக் கீழே உதடு லேசாக உள்வாங்கி, அங்கே ஊசிகள் தரையைப் பார்க்கின்றன. மேலிருந்து வரும் விளக்குக்கு அது மீசை. வெட்டும் இடத்தை 0.2-க்கு இறக்கினால் மீசை போகும், கூடவே தாடை நிழலும் போய் முகம் தட்டையாகிவிடும். விளக்கை நகர்த்தினால் மீசை கிருதாவாக இடம் மாறும்.

எங்களோடு இருந்த அண்ணன் ஒருவர், காகிதத்தில் அனிமேஷன் செய்த காலத்தில் கிளீனப் வேலை பார்த்தவர். அடுத்தவர் போட்ட கிறுக்கலை ஒற்றைக் கோடாக ஆக்குவது அவர் தொழில். அந்த வேலை ஊரில் வற்றிப்போய் வருஷங்கள் ஆகின்றன. மீசையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நிழல் எங்க விழுதுன்னு பாக்காத. எங்க வேணும்னு பாரு."

ஜப்பானில் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் 2014-இல் வெளியிட்ட கில்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் செய்ததும் இதைத்தான். 2015 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் அதன் கலைஞர் ஜுன்யா மோட்டோமுரா விளக்கியிருக்கிறார். அவர்கள் உருவத்தை மாற்றவில்லை, ஊசிகளின் திசையைக் கையால் திருத்தினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி விளக்கும் வைத்தார்கள்.

நாங்கள் ஊசி ஊசியாகத் திருத்தவில்லை. பூக்காரம்மாவின் முகத்தைச் சுற்றி வழவழப்பான ஒரு முட்டையை வைத்தோம். `Data Transfer` மாடிஃபயரில் `Custom Normals`-ஐத் தேர்ந்தெடுத்து, முட்டையின் ஊசித் திசைகளை முகத்துக்குக் கடன் கொடுத்தோம். கன்னம், உதடு, முகவாயில் முழுக் கடன். காதையும் தாடை ஓரத்தையும் நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து பூஜ்யம். அப்படிக் குறைக்காவிட்டால் கடன் முடியும் இடத்தில் நிழல் முறிந்து தழும்பு மாதிரி தெரியும். இப்போது மேலுதடு தன்னை முட்டையின் ஒரு பகுதி என்று நம்புகிறது. மீசை போய், நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரை ஒரே வளைவாக நிழல் இறங்கியது.

கூடவே மூக்கும் போய்விட்டது. முட்டைக்கு ஏது மூக்கு? கோபுலு செய்ததைத்தான் செய்ய வேண்டியிருந்தது, மூக்குக்கு ஒரு கோடு. மூக்குத்தி எந்த விளக்குக்கும் கட்டுப்படாத ஒரு வெள்ளைப் புள்ளி.

வெளிக்கோட்டிலும் இதே பாடம். உருவத்தை நகலெடுத்து, இரண்டு மில்லிமீட்டர் ஊதி, உள்புறத்தை வெளியே திருப்பிக் கறுப்படித்தால், விளிம்பில் மட்டும் அது எட்டிப்பார்த்துக் கோடாகத் தெரியும். முகத்துக்கு அழகாக வந்தது. மல்லிகைச் சரத்துக்குப் போட்டபோது ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு கோடு விழுந்து, சரம் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் ஒரு காகிதத்தை எடுத்து, சரம் முழுக்க ஒரே வெளிக்கோடு, விரல் நுனியில் இருக்கும் நாலைந்து மொட்டுக்கு மட்டும் தனிக்கோடு என்று வரைந்து காட்டினார். மற்ற மொட்டுகளின் ஊதலைப் பூஜ்யமாக்கினோம். சரம் மறுபடி பூவானது.

கடைசிச் சிக்கல், தலை திரும்புவது. கடன் வாங்கிய ஊசிகளும் முகத்தோடு சேர்ந்து திரும்பும். நேர்முகத்தில் அழகாக இருந்த நிழல் பக்கவாட்டில் கன்னத்தை முழுக்க விழுங்கியது. விளக்கைத் தலையோடு கட்டிவிட்டால் நிழல் அசையவே அசையாது, முகத்தில் கரி பூசின மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். அதனால் நேர்முகத்துக்கு ஒரு விளக்கு நிலை, பக்கவாட்டுக்கு ஒன்று. நடுவில் ஒரு இடத்தில் நிழல் சட்டென்று குதித்தாக வேண்டும்.

அந்தக் குதிப்பை மறைக்க உதவியதும் காகிதக் காலத்து வழக்கம்தான். விநாடிக்கு 24 சட்டகம் என்றாலும், பெரும்பாலும் 12 படம்தான் வரைவார்கள். ஒவ்வொன்றும் இரண்டு சட்டகத்துக்கு நிற்கும். எங்கள் ஷாட்டின் 144 சட்டகங்களில் முகத்துக்கு 72 படம். முடிச்சுப் போடும் விரல்கள் வேகமானவை, அவற்றை மட்டும் 24-லேயே ஓடவிட்டோம். புதுப்படம் வரும் அதே சட்டகத்தில் விளக்கையும் மாற்றியபோது, நிழல் குதித்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே முகமே மாறிவிட்டிருந்தது, கூடவே நிழலும் மாறியது என்று கண் எடுத்துக்கொண்டது.

முடித்த ஷாட்டை அந்த அம்மாவிடம் காட்டினோம். இரண்டு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "மூக்குத்தி இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்றார். வெள்ளைப் புள்ளிதான், நகர்த்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.