ஒண்ணு இருக்கு... ஆனா அது அவருக்கு!

"அதான் கம்ப்யூட்டர்ல ஒண்ணு காட்டுதே, எடுத்துக் கொடுங்கண்ணே!" டூ-வீலர் சர்வீஸ் சென்டர்களில் மெக்கானிக்குக்கும் ஸ்டோர்காரருக்கும் அடிக்கடி வரும் சண்டை இது. ஸ்டாக்கில் ஒன்று இருப்பதும், அதை எடுத்துக் கொடுக்கலாம் என்பதும் வேறு வேறு. இதன் வலி கள்ளக்குறிச்சியில் கொஞ்சம் அதிகம். காரணம், கல்வராயன் மலை.

மலையில் மரவள்ளி போட்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. சமதளத்தில் ஓட்டிச் சமாளித்துவிடலாம், மலையேற்றத்தில் முடியாது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளிமலையிலிருந்து கீழே வருகிறார். அவர் மாடலுக்கான பிளேட் கடையில் இல்லை.

ஆர்டர் போட வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஒரே ஸ்பிளெண்டர்தான், ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதனால் 17 எழுத்து, எண்கள் கொண்ட சேஸிஸ் நம்பரைப் பார்த்துத்தான் பார்ட் நம்பர் எடுக்க வேண்டும். தவறான பார்ட் வந்தால் இன்னொரு கூலியும் போச்சு.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வண்டியோடு அவர் கிளம்பிவிடுகிறார். அன்றைய ஜாப் கார்டும் முடிக்கப்படுகிறது. சிக்கலே இங்குதான். மூன்று நாள் கழித்து பார்ட் வரும்போது, அதைச் சேர்த்துவைக்க எந்த ஜாப் கார்டும் இல்லை. பொது ரேக்கில் வைத்தால் முதலில் கேட்டவர் கைக்குப் போய்விடும். எனவே வண்டி நம்பர், அட்வான்ஸ் ரசீது நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி, தனி ரேக்கில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் 'ஒதுக்கப்பட்டது' என்று பதிய வேண்டும்.

அடுத்த ஓட்டை, பில் போடும்போது பதிந்துகொள்ளலாம் என்ற பழக்கம். பார்ட் கவுன்ட்டரைத் தாண்டும்போதே ஜாப் கார்டு நம்பரில் இஷ்யூ போட வேண்டும். பொருத்தாமல் திரும்பி வந்தால், அதே கார்டில் ரிட்டர்ன். இல்லையென்றால் என்ன ஆகும்? திரையில் 3 செட் தெரிகிறது. ஒன்று ராம்ப்பில் நிற்கும் வண்டிக்குள் ஏறிவிட்டது, பதியவில்லை. ஒன்று மலைக்காரருடையது. ஆக, கொடுக்கக்கூடியது 1 மட்டுமே. மூன்று இருக்கிறதென்று நம்புகிறவர் புது ஆர்டரும் போடமாட்டார்.

சாயங்காலம் முடியாத ஜாப் கார்டுகளை எடுத்துவைத்து, வேகமாக ஓடும் நாலைந்து பார்ட்டுகளை மட்டும் ரேக்கில் எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. ஆனாலும் யாரும் செய்வதில்லை!

அதற்காக, யாரும் வராத பார்ட்டை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்கவும் முடியாது, முதல் முடங்கும். எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பதை ரசீதிலேயே எழுதிவிடுவது நல்லது. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது என்பதால், கீழே இருக்கும் உறவினர் நம்பர் ஒன்றையும் வாங்கி வைக்கலாம். பார்ட் கைக்கு வந்து, பெட்டி மேல் உள்ள நம்பரைச் சரிபார்த்த பிறகே, "வாங்கண்ணே" என்று போன் போட வேண்டும்.