அப்பத்தா விளக்கும் என் சீரியல் லைட்டும்

காந்திகிராமத்துல எங்க வீடு ஓட்டு வீடு. ரெண்டு திண்ணை, நாலு மரத்தூண், வாசல் சுவர்ல ரெண்டு விளக்கு மாடம். போன வருஷம் கார்த்திகைக்கு, 'இன்ஜினீயரிங் பையன் வீடுன்னு தெரிய வேணாமா?'னு நாலு தூணையும் சுத்தி கலர் சீரியல் லைட்டைக் கட்டினேன். எல்லாம் மின்னி மின்னி அணையுற ரகம்!

அகல் ஏத்திட்டு வந்த அப்பத்தா, தெருவுல நின்னு பார்த்துட்டு, ''என் விளக்கு எரியுதாடா?''ன்னு கேட்டாங்க. சுருக்குனு குத்துச்சு.

பளிச்னு பல்பு நேரா கண்ணுல அடிச்சா, கண்மணி சுருங்கிடும். பக்கத்துல இருக்கிற சுடர் மங்கிப்போகும். நிறமும் ஒரு காரணம். எண்ணெய் விளக்கு வெளிச்சம் சுமார் 1,900 கெல்வின். 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பக்கத்துல அது அழுக்காத் தெரியும். 2,700 கெல்வின் 'வார்ம் ஒயிட்'தான் ஓரளவு ஒட்டும்.

இந்த வருஷம் தூணைத் தொடவே இல்லை. மின்னாத வார்ம் ஒயிட் சரம் ஒண்ணே ஒண்ணு. அதையும் ஓட்டு விளிம்புக்கு உள்பக்கம், பல்பு வெளியே தெரியாம கட்டினேன். வெளிச்சம் மட்டும் தூண் தலையில வழிஞ்சுது. மாடத்துலயும் திண்ணை விளிம்புலயும் அகல். வயர், மரத்தூண் ரெண்டுக்கும் ஓரடி தள்ளியே வெச்சோம்.

எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். பல்பு முதல்ல கண்ணுல பட்டா தப்பு. சுடர் பட்டா சரி. பன்னிரண்டு சுடரையும் எண்ண முடிஞ்சுது.

அப்பத்தாவும் எண்ணினாங்க. சத்தமா!