எழுதாத குத்தகை

ஊரில் நிலம் இருந்து சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருக்கும் குடும்பங்களில் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "குத்தகைக்கு விட்டிருக்கிறோம், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும்." வருவாய்த் துறையில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பயம் நிலத்துக்கும் கெடுதல், அதில் உழுகிறவருக்கும் கெடுதல். எழுதாமல் விடுவதால் நில உடையவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இது விளங்கும். இன்னொருவர் நிலத்தில் தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தாரின் உழைப்பையோ போட்டுச் சாகுபடி செய்பவர் சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் வெளிப்படையாகவும் இருக்கலாம், நடப்பிலிருந்து தெரிவதாகவும் இருக்கலாம் என்கிறது சட்டம். வாய்ப்பேச்சில் விட்டாலும் அவர் குத்தகைதாரர்தான். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்பவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். பதினொரு மாதத்துக்கு ஒரு தாள் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த வரியைத்தான் கவனிப்பதில்லை. அவருக்குப் பின், நிலத்தில் உழைக்கும் வாரிசுக்கும் அந்த உரிமை போகும். வெளியேற்ற வேண்டுமானால் குத்தகை பாக்கி, நிலத்துக்குச் சேதம், சாகுபடியைக் கைவிட்டது, விவசாயமல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தியது, உடைமையையே மறுத்தது போன்ற காரணம் ஒன்றைக் காட்டி வருவாய் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பாக்கியைக் காட்ட வேண்டுமென்றால் எவ்வளவு பேசினோம், எப்போது கொடுக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? எழுத்து இல்லாதபோது திண்டாடுவது பெரும்பாலும் உடையவர்தான்.

எழுதிக்கொள்ளச் சொல்வதும் அதே சட்டம்தான். மூன்று பிரதிகள், இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று. மூன்றாவதை நில உடையவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன். என் மைத்துனர் காலமான பிறகு, வலங்கைமான் பக்கம் அவருக்கிருந்த ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. இரண்டு பேர் சென்னையில், பெண் கோயம்புத்தூரில். பட்டா அப்போதும் அவர்கள் தாத்தா பெயரில். நான் முதலில் குத்தகைப் பேச்சையே எடுக்க விடவில்லை. இறப்புச் சான்று, தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வாங்கி, பிறகு மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. பாகம் பிரித்துப் பதிவு செய்து உட்பிரிவு போடுவது இன்னும் நல்லது. ஆனால் மூன்று ஏக்கரை மூன்று துண்டாக்கினால் தண்ணீர்ப் பாய்ச்சலுக்கும் டிராக்டருக்கும் இடைஞ்சல் என்று மூவரும் சேர்ந்தே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். அப்படியானால் குத்தகைத் தாளில் மூவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு மற்ற இருவரும் அதிகாரப் பத்திரம் தர வேண்டும். அண்ணன் மட்டும் பேசி முடித்து, அறுவடையானதும் தங்கை பங்கு கேட்க, நடுவில் உழுதவர் இருவருக்கும் பதில் சொல்லித் தவித்ததை என் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வாரம் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. பெரியவன், ஏக்கருக்கு எட்டு மூட்டை என்று கட்டுக்குத்தகையாகப் பேசி முடிக்க நினைத்தான். நான் உழுகிறவரையும் உட்கார வைத்து, அவர் வாயாலேயே செலவைச் சொல்லச் சொன்னேன். நாற்றங்கால், உழவு, நடவு, உரம், களை, அறுவடை வண்டி என்று ஏக்கருக்கு முப்பதாயிரம் ஆகிறது என்றார். சம்பாவில் ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டுமுதல் என்று வைத்துக்கொண்டோம். மூட்டைக்கு 60 கிலோ. மூன்று ஏக்கருக்கு 54 குவிண்டால். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 1,35,000. செலவு 90,000 போக மீதி 45,000. அதில் எட்டு மூட்டைக் கணக்கில் குத்தகை 36,000 போனால், ஆறு மாத உழைப்புக்கு அவருக்கு மிஞ்சுவது 9,000 ரூபாய். சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த எண்ணை அதற்கு முன் போட்டுப் பார்த்ததே இல்லை.

மழை கெடுத்த ஆண்டைப் பாருங்கள். தை மாதத்தில் கதிர் சாய்ந்து பாதிதான் கண்டுமுதல் என்றால் வரவு 67,500. செலவே கட்டவில்லை, 22,500 கையிலிருந்து போகிறது. அதற்கு மேல் 36,000 குத்தகை. ஆக ஒரே பருவத்தில் 58,500 ரூபாய்க் கடன். அந்தக் கடனோடு அடுத்த சம்பாவுக்கு வருகிறவர் அடியுரத்தைக் குறைப்பார், வரப்பு வெட்ட மாட்டார், வாய்க்காலைத் தூர்வார மாட்டார். இரண்டு பருவம் இப்படிப் போனால் நிலம் இளைத்துவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தின்படி, மொத்த விளைச்சலில் 25 விழுக்காட்டை உடையவருக்கு என்று வைத்திருக்கிறது. நல்ல ஆண்டில் இது 33,750. எட்டு மூட்டைக் கட்டுக்குத்தகையை விட 2,250 ரூபாய்தான் குறைவு. கெட்ட ஆண்டில் 16,875. நஷ்டம் அப்போதும் உண்டு, ஆனால் 39,375-இல் நிற்கிறது. நான்கில் ஒரு பங்கு என்றே எழுதினோம். வைக்கோல் உழுகிறவருக்கு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் அவருக்கே. அந்த உளுந்தில் பங்கு கேட்கலாமே என்றான் சின்னவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோடையில் பயறு போட்ட நிலத்தில் மண்ணுக்குத் தழைச்சத்து ஏறுகிறது. அதைத் தெளிக்கும் ஆசை அவருக்கு இருக்க வேண்டும்.

கண்டுமுதல் எவ்வளவு என்று சென்னையில் இருப்பவர் எப்படி நம்புவது? இங்கேதான் எழுத்தின் உண்மையான பயன் வருகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் எத்தனை சிப்பம், என்ன எடை என்று ரசீது வரும், பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். ஆனால் அங்கே நெல் போடச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். எழுத்தில்லாத குத்தகையில் அடங்கல் உடையவர் பெயரில் இருக்கும். உழுதவர் தன் நெல்லை உடையவர் பெயரில் போட்டுவிட்டு, சென்னைக் கணக்கில் விழுந்த பணத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் களத்துக்கு வரும் வியாபாரியிடம் விலை குறைத்துத் தள்ளிவிடுவார். "நெல்லு என்னுது, பேங்க் புக்கு உங்களுது. நான் யாருகிட்ட போய்க் கேக்குறது தம்பி?" என்று அவர் பெரியவனிடம் கேட்டது ஞாயமான கேள்வி. கிராம நிர்வாக அலுவலரிடம் மூவரும் சம்மதக் கடிதம் கொடுத்து, அடங்கலில் சாகுபடி செய்பவராக அவர் பெயரை ஏற்றச் சொன்னோம். குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் பதிவது அவருடைய உரிமை, தடுக்க நினைப்பது வீண் சண்டை.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, ஏக்கருக்குச் சில நூறு ரூபாய்தான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15-ஐ ஒட்டி வரும். அடங்கல் கையில் இல்லாதவர் அந்தத் தேதியைத் தவறவிடுவார். மகசூல் இழப்பை உங்கள் ஒரு வயலை வைத்துப் பார்ப்பதில்லை, ஊர் அளவில் பயிர் அறுவடைச் சோதனை செய்து கணக்கிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வயல் மூழ்கி ஊர் தப்பித்தால் பணம் வராமலும் போகலாம். வெள்ள நிவாரணம் வேறு. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தமிழக அரசு இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. மூன்று ஏக்கருக்கு அது சுமார் 20,600. மேலே சொன்ன கெட்ட ஆண்டின் 39,375 நஷ்டத்தில் பாதியை அது அடைத்துவிடும், உழுதவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால். உடையவர் கணக்கில் வந்து விழுந்தால், விதை வாங்காதவருக்கு விதை நஷ்டஈடு கிடைத்த மாதிரி. ஆகவே காப்பீடும் நிவாரணமும் சாகுபடி செய்பவருக்கே என்று தாளில் ஒரு வரி எழுதினோம். இந்த ஒரு வரிக்காகவே எல்லோரும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.

வரியைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவசாய நிலத்தின் குத்தகை வரவும் விவசாய வருமானம்தான், அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் சம்பளக்காரர்கள் கணக்குத் தாக்கலில் அதைக் காட்ட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைத் தீர்மானிக்க அதையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

நிலத்தை எப்போது போய்ப் பார்ப்பது? பொங்கலுக்குப் போய்ப் பச்சைப் பயிரோடு படம் எடுத்துக்கொண்டு வருவது மனசுக்குத்தான் நல்லது. பயிர் நிற்கும்போது நிலம் தெரியாது. சித்திரை, வைகாசியில் போங்கள். அப்போதுதான் எல்லைக் கல் இருக்கிறதா, பக்கத்து வரப்பு நம் பக்கம் நகர்ந்திருக்கிறதா, மண் எடுத்துப் பள்ளமாகியிருக்கிறதா என்று தெரியும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மூலையும் நடந்து பார்க்க வேண்டும். மண் பரிசோதனைக்கும் அதுதான் காலம். பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. ஆண்டுதோறும் அந்தப் பசலியின் அடங்கல் நகல் ஒன்றை வாங்கிக் குத்தகைத் தாளோடு சேர்த்து வையுங்கள். நெல் என்று சொன்ன வயலுக்கு அடங்கலில் தரிசு என்றிருந்தால், யாரையும் குற்றம் சாட்டுவதற்கு முன்னால் ஊருக்குக் கிளம்புங்கள்.

குத்தகையே வேண்டாம், ஆள் வைத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறோம் என்றால் அதுவும் வழிதான். செலவு முழுவதும் உங்களுடையது, உழைப்பவருக்குக் கூலி, விளைச்சல் உங்களுடையது. அதற்கு நடவிலிருந்து அறுப்பு வரை ஊரில் உங்களுக்கென ஒருவர் வேண்டும். முறை வைத்து வரும் தண்ணீரை நடுராத்திரியில் திருப்பிவிடப் போனில் சொல்லி முடியாது.

கடைசியாக, விற்பது. என் மைத்துனர் பிள்ளைகளில் ஒருவனுக்கு என்றாவது விற்கும் எண்ணம் வரும். குத்தகைதாரர் இருக்கும் நிலத்தை விற்றால் வாங்குபவருக்கும் அவர் குத்தகைதாரர்தான், அதனால் தரகர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். டெல்டாவில் பல ஊர்களில், உழுதவர் விட்டுக்கொடுக்க ஒரு தொகையைப் பேசி முடிப்பது வழக்கம். அதைப் பத்திரம் எழுதும் நாளில் பேசினால் மனக்கசப்பில்தான் முடியும். எங்கள் தாளில் கடைசி வரி இதைப் பற்றியது: விற்பதாக இருந்தால், வெளியாளிடம் பேசுவதற்கு முன் ஒரு சாகுபடிப் பருவ அவகாசத்தோடு அவருக்குச் சொல்ல வேண்டும், வாங்க அவருக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும். அதைப் படித்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.