105 கம்பி

இந்தியில், உருதுவில் கட்டுமானக் கம்பிக்குப் பெயர் ‘சரியா’. குவைத்துக்கு வந்த முதல் வாரத்தில் ட்ரெய்லர் ஓட்டி வந்த பாகிஸ்தானிக்காரர் வாசலில் நின்று “சரியா, சரியா” என்று கத்தினார். எங்கள் ஸ்டோர் கீப்பர் அண்ணாச்சி உள்ளே இருந்தபடியே “எல்லாம் சரிதான், உள்ள வா” என்று தமிழில் பதில் சொன்னார். அந்த நகைச்சுவை எங்கள் அறையில் இரண்டு வருடம் ஓடியது. பிறகு அதைச் சொல்லிச் சிரிக்க முடியாமல் போனது.

அண்ணாச்சிக்கு ஊர் திசையன்விளை. ஃபஹாஹீலில் பழைய சூக்குக்குப் பின்னால் ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். காலை நாலரைக்குக் கம்பெனி வண்டி வரும். மினா அப்துல்லா பக்கம் கிடங்குக் கட்டடங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஸ்டோர், நான் குவாலிட்டி டெக்னீஷியன். வருகிற கம்பியின் தரத்துக்கு நான் பொறுப்பு, அளவுக்கு அவர் பொறுப்பு. இந்தக் கோட்டை யார் போட்டார்களோ தெரியாது. எடை அந்தக் கோட்டின் மேலேயே நின்றது.

கம்பிக்குக் கணக்கு எடை என்று ஒன்று உண்டு. விட்டத்தை எம்எம்மில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 16 எம்எம் என்றால் 256-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும், 1.58 கிலோ வரும். இந்த 162 வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ, அதோடு வட்டத்தின் பரப்பளவுக் கணக்கையும் சேர்த்துச் சுருக்கினால் வருகிற எண் அது. கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் ஆலையில் உருளைகளுக்கு நடுவே சிவக்கச் சிவக்க ஓடி வருகிற கம்பி கணக்குப்படியே வராது. உருளை தேயத் தேயக் கம்பி தடிக்கும், மாற்றினால் மெலியும். அதனால் ஒவ்வொரு தர விதியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. எங்கள் வேலைக்குப் பொருந்தியது பி.எஸ். 4449. அதன்படி 8 எம்எம்முக்கு மேற்பட்ட கம்பியின் மீட்டர் எடை கூடவோ குறையவோ 4.5 சதவீதம் மாறலாம். அமெரிக்க விதியான ஏ.எஸ்.டி.எம். ஏ615 வேறு மாதிரி: குறைவு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கூடுதலாக இருப்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. இந்திய ஐ.எஸ். 1786-ல் 10 எம்எம் வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5, அதையும் தாண்டினால் 3.

இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி ஸ்டோர் கதவின் பின்புறம் ஒட்டியது நான்தான். பெரிய எழுத்தில் ‘4.5%’ என்று போட்டு அடிக்கோடும் இட்டேன். ட்ரெய்லர் வந்தால் அண்ணாச்சி எடை மேடைச் சீட்டையும் டெலிவரி நோட்டையும் எடுத்துக்கொண்டு அட்டைக்கு முன் நிற்பார். “தம்பி, ரெண்டரை சதவீதம் கொறையுதே, கையெழுத்துப் போடலாமாடே?” என்று கேட்பார். “நாலரைக்குள்ளதானே அண்ணாச்சி, போடுங்க” என்பேன். எத்தனை முறை அப்படிச் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சொன்னேன்.

2017 மார்ச்சில் கம்பிக் கணக்கு முடித்தார்கள். வாங்கியதில் வரைபடப்படி கட்டியதைக் கழித்து, வெட்டுச் சேதாரம் 3 சதவீதம் கழித்து, கையிருப்பையும் கழித்தார்கள். 16 எம்எம்மில் மட்டும் சுமார் 9 டன்னைக் காணவில்லை. ஸ்டோர் கீப்பர் விற்றுவிட்டார் என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. அந்த மாதத்திலிருந்து அவர் சம்பளத்தில் 40 தினார் பிடித்தார்கள், அவ்வளவுதான். வாங்கியதே 180.

முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மற்ற அளவுகளெல்லாம் சரியாக இருக்க, 16 மட்டும் எப்படி உதைக்கும்? கம்பி மெலிந்து வந்திருந்தாலும் மீட்டர் குறையாதே! இங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆர்டர் கணக்கு எடைக்குப் போட்டது. அதாவது பணம் கொடுப்பது கம்பியின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும், எடை வெறும் பெருக்கல். ஆலை மெல்லிசாக உருட்டினால் அதற்கு எஃகு மிச்சம், நமக்கு மீட்டரில் நஷ்டம் இல்லை. உண்மை எடைக்கு வாங்கினால் தலைகீழ்: ஆலை தடியாக உருட்டினால் ஒரு டன்னுக்கு நமக்கு வரும் மீட்டர் குறையும். ஆக, சீட்டைப் பார்க்கும் முன் ஆர்டரைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்ததில்லை. எங்கள் ஆர்டரில் மீட்டர் குறைய ஒரே வழி, கம்பியே குறைவாக வந்திருப்பதுதான்.

ஜூலையில் அடுத்த 16 எம்எம் ட்ரெய்லர் வந்தது. 12 பண்டில். ஒவ்வொன்றின் டேக்கிலும் 105 கம்பி, 12 மீட்டர், 1.991 டன் என்று இருந்தது. 105-ஐ 12-ஆலும் 1.58-ஆலும் பெருக்கினால் அதேதான் வருகிறது, டேக்கில் குற்றமில்லை. 12 பண்டிலுக்கு 23,890 கிலோ இருக்க வேண்டும். ஷுஐபா பாதையில் உள்ள எடை மேடையில் சரக்கோடு 38,960, இறக்கிய பின் 15,660. மிச்சம் 23,300. 590 கிலோ குறைவு, சதவீதத்தில் 2.47. அட்டைப்படி பாஸ்.

மேடையை முதலில் சந்தேகப்பட்டேன். அது 20 கிலோ படியில் காட்டும் மேடை. இரண்டு டன் பண்டில் ஒன்றைத் தனியாக வைத்தால் அந்தப் படியே ஒரு சதவீதம் ஆகிவிடும், ஒரு கம்பி குறைந்தால் கண்டுபிடிக்க முடியாது. முழு லாரிக்கு அது போதும். இரண்டு எடைக்கும் நடுவே ட்ரைவர் டீசல் அடித்தால் 300 லிட்டரே 250 கிலோ ஆகிவிடும், பண்டிலுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டைகளும் கணக்கில் வரும். அன்று நானே கூடப் போனேன். டீசல் அடிக்கவில்லை, கட்டைகள் வண்டியிலேயே இருந்தன, இரண்டு முறையும் ட்ரைவர் இறங்கி நின்றார்.

பிறகு மூன்று பண்டிலிலிருந்து மூன்று கம்பி உருவி, நுனியை விட்டு நடுவிலிருந்து ஒவ்வொரு மீட்டர் துண்டு வெட்டினோம். வெட்டு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் நீளம் பொய் சொல்லும். துருவையும் சிமென்ட் தூசியையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு லேப் தராசில் வைத்தேன். 1,004 எம்எம் துண்டு 1,592 கிராம், 998 எம்எம் துண்டு 1,586, 1,001 எம்எம் துண்டு 1,585. எடையை நீளத்தால் வகுத்தால் சராசரி மீட்டருக்கு 1.586 கிலோ. மெலிந்த கம்பி இல்லை, கணக்கைவிட 0.4 சதவீதம் கனம்!

அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எங்கடே போச்சு?” என்றார்.

எண்ணினோம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குவைத்தில் பகல் 11 முதல் 4 வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம், அதனால் மறுநாள் விடியற்காலையில் தொடங்கினோம். பண்டிலின் முனையில் கம்பிகள் முன்னும் பின்னுமாக நிற்கும், கண்ணால் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும். ஒன்பது கம்பிக்கு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு, பத்தாவதுக்குச் சிவப்பு. முடிந்ததும் சிவப்பை மட்டும் எண்ணி, மிச்சத்தைக் கூட்ட வேண்டும். முதல் பண்டிலில் 10 சிவப்பு, 2 வெள்ளை. 102. அண்ணாச்சி நம்பாமல் மறுமுனைக்குப் போய் அவரே பொட்டு வைத்தார். 102. பன்னிரண்டு பண்டிலிலும் அதேதான்.

102 கம்பி, 12 மீட்டர், 1.586 கிலோ, 12 பண்டில் என்று பெருக்கினால் 23,295 வருகிறது. மேடை காட்டியது 23,300. எல்லாம் பொருந்திவிட்டது. 105-ல் மூன்று குறைந்தால் 2.86 சதவீதம் குறைவு, கம்பியின் கனம் அதில் 0.4-ஐ மறைத்தது, மேடையில் தெரிந்தது 2.47. அந்த 4.5 ஒரு மீட்டர் கம்பியின் எடைக்குக் கொடுத்த சலுகை. எண்ணிக்கைக்குச் சலுகையே கிடையாது. கட்டில் 105 என்றால் 105தான். நான் ஒரு சலுகையை எடுத்து இன்னொன்றின் மேல் போர்த்தியிருந்தேன். 105 கம்பியும் இருந்து, துண்டு 1.541 கிலோ வந்திருந்தாலும் மேடை இதே சீட்டைத்தான் தந்திருக்கும். அப்போது கேட்க ஒன்றும் இருந்திருக்காது. சீட்டை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

பண்டில்களை மறுபடி பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆலையில் தடித்த கம்பியால் மெஷின் முறுக்கும் முடிச்சு எல்லாம் ஒரே அளவாக, ஒரே திசையில் இருக்கும். இவற்றில் ஒரு முனையில் இரண்டு முடிச்சு மட்டும் கையால் முறுக்கியவை. ஆலைக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே எங்கோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கே, யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

சப்ளையரும் முதலில் “டாலரன்ஸ்” என்றுதான் சொன்னார். துண்டு எடை, எண்ணிக்கை, மேடைச் சீட்டு மூன்றையும் பெயிண்ட் பொட்டுப் படங்களோடு அனுப்பியபின் அந்த லோடுக்கு மட்டும் 36 கம்பிக்குப் பணம் கழித்தார்கள். 432 மீட்டர். பழைய லோடுகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவை கான்கிரீட்டுக்குள் போய்விட்டன, டெலிவரி நோட்டுகளில் அண்ணாச்சியின் கையெழுத்து இருக்கிறது.

கம்பெனியில் பிடித்தத்தை நிறுத்தினார்கள். பிடித்ததைத் திருப்பித் தரவில்லை. சரிபார்க்கச் சொன்னது நான்தான் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “அளவு ஸ்டோரின் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார். அன்று இரவு அறையில் அண்ணாச்சியிடமும் சொன்னேன். “நீ எழுதி ஒட்டுன, நான் பாத்துப் போட்டேன். விடுடே” என்றார். விட்டுவிட்ட குரலாக அது இல்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் உப்புக் கேட்கவும் வேறு ஆளைத்தான் அனுப்பினார்.

அடுத்த வருடம் அவர் ஊருக்கே போய்விட்டார். போன பொங்கலுக்கு முன் திசையன்விளையிலிருந்து போன் வந்தது. பையனுக்கு வீடு கட்டுகிறார்கள்.

“தம்பி, 8 எம்எம் மீட்டருக்கு எம்புட்டுடே?”

“0.395 அண்ணாச்சி. 12 மீட்டர் கம்பி 4.74 கிலோ. கடைக்காரர் எடைக்குத் தர்றாரா, கம்பிக்குத் தர்றாரா?”

“எடைக்குத்தான். கம்பி 5 கிலோ இருக்கும்னு சொல்லுதான்.”

5 கிலோ என்றால் ஐந்தரை சதவீதம் கூடுதல். நம் ஊர் விதிப்படி 7-க்குள் வருகிறது, எடைக்கு வாங்கும்போது 100 கிலோவுக்கு 21 கம்பிக்குப் பதில் 20தான் கிடைக்கும். அதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“அதெல்லாம் சரி. வெள்ளப் பெயிண்ட்டும் செவப்புப் பெயிண்ட்டும் வாங்கி வச்சிட்டேன், பாத்துக்கோ.”